இழுத்தால் நீளும் சமையலறைக் குழாய்: சிங்க்குக்குக் கீழே தொங்கும் குண்டு பற்றிய கேள்விகள்

பெட்டிக்குள் உருண்டையாக ஒரு கனமான சாமான் இருக்கிறது. அது எதற்கு? மாட்டாமல் விட்டால் என்ன?

குழாயின் தலையைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் ஹோஸ் நீண்டு வெளியே வருகிறது. கையை விட்டதும் அது திரும்ப உள்ளே போக வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்வது இந்தக் குண்டுதான். இது ஏற்றத்தின் பின்பக்கம் கல் கட்டுகிற அதே கணக்கு. பெரும்பாலும் கால் கிலோவுக்கும் அரை கிலோவுக்கும் இடைப்பட்ட எடை இருக்கும். இரண்டு பாதிகளாகப் பிரிந்து, ஹோஸைக் கவ்வி, திருகாணியால் இறுகும். மாட்டாமல் விட்டாலும் தண்ணீர் வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஹோஸை நீங்களே உள்ளே தள்ள வேண்டியிருக்கும். சில மாடல்களில் குண்டுக்குப் பதிலாகச் சுருள்வில் இருக்கும். இங்கே சொல்வது குண்டு வைத்த குழாய்களைப் பற்றி மட்டும்.

வாங்குவதற்கு முன்னால் எதை அளந்து பார்க்க வேண்டும்?

எல்லோரும் மேலே அளக்கிறார்கள்: ஜன்னல் இடிக்குமா, கழுத்து எவ்வளவு உயரம் என்று. நான் முதலில் குனிந்து கீழே அளக்கச் சொல்வேன். கிரானைட்டின் அடிப்பக்கத்திலிருந்து அலமாரியின் தளப் பலகை வரை எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று பாருங்கள். ஹோஸ் அந்த இடைவெளிக்குள்தான் ஊஞ்சல் கயிறு போல வளைந்து தொங்கப்போகிறது. சாதாரணமாக வரும் ஒன்றரை மீட்டர் ஹோஸுக்கு 65 முதல் 70 சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதி. நடுவில் ஒரு தட்டு இருந்தாலோ, குப்பைக்கூடையும் ஆர்.ஓ. இயந்திரமும் அங்கேயே நெருக்கியடித்து நின்றாலோ, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குழாயும் பாதி வழியில் நிற்கும்.

இரண்டாவது, மேடையில் இருக்கும் துளை. பெரும்பாலான ஒற்றைக் கைப்பிடிக் குழாய்களுக்கு 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை வேண்டும். ஏற்கெனவே இருக்கும் துளை சிறியதாக இருந்தால், வைரப் பற்கள் பதித்த வட்டக் கட்டர் கொண்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே கிரானைட்டை அறுக்க வேண்டும். இதை மட்டும் கிரானைட் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது. சிங்க் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கிய பட்டையில் கல் விரிசல் விட்டால் அதற்கு மருந்து இல்லை.

எங்கள் வீட்டில் குழாய் சுவரில் இருக்கிறது. அதே இடத்தில் இதை மாட்ட முடியாதா?

முடியாது. இது மேடையில் நின்று, கீழே இருந்து தண்ணீர் வாங்கும் குழாய். சுவரில் மேடைக்கு மேலே இருக்கும் இணைப்பைப் பித்தளை அடைப்பான் போட்டு மூடிவிட்டு, சிங்க்குக்குக் கீழே புதிய லைன் இறக்கி, அங்கே அரை அங்குல ஆங்கிள் காக் பொருத்த வேண்டும். சுவரை உடைத்து டைல்ஸ் ஒட்டும் வேலை இதில் சேர்ந்துவிடும் என்பதால், செலவுக் கணக்கைக் குழாயின் விலையோடு நிறுத்திவிடாதீர்கள்.

எந்த வரிசையில் பொருத்துவது?

மேடையிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். குண்டு எப்போதும் கடைசி.

மெயின் வால்வை மூடி, லைனில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஆங்கிள் காக்குகள் புதியவை என்றால், எதையும் இணைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு வாளிக்குள் அரை நிமிடம் திறந்துவிடுங்கள். மணலும், பைப் அறுத்த துருவலும், சிமெண்டுத் துணுக்கும் எப்படி வருகின்றன என்று பார்த்தால் இதை ஏன் சொல்கிறேன் என்று புரியும். அவை குழாய்க்குள் போனால் முதலில் அடைபடுவது தலைக்குள் இருக்கும் சல்லடை.

அடுத்து, தண்ணீர் வாங்கும் இரண்டு கனெக்ஷன் பைப்புகளையும் குழாயை மேடையில் வைப்பதற்கு முன்பே அதன் அடியில் திருகிவிட வேண்டும். ஒன்றின் முனை குட்டையாகவும் மற்றொன்றின் முனை நீளமாகவும் இருந்தால் குழம்ப வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நட்டுகளும் இடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. குட்டையானதை முதலில் திருகுங்கள். கையால் இறுகும்வரை திருகி, அதன் பிறகு ஸ்பேனரால் ஒரு சின்ன அசைவு மட்டும் கொடுத்தால் போதும்.

குழாயின் அடியில் ரப்பர் வளையத்தை வைத்துத் துளைக்குள் இறக்குங்கள். கீழே இருந்து முதலில் ரப்பர் வாஷர், பிறகு லாட வடிவ இரும்புத் தகடு, பிறகு நட்டு. மேலே ஒருவர் குழாயை நேராகப் பிடித்திருக்க, கீழே ஒருவர் படுத்துக்கொண்டு இறுக்குவதுதான் வசதி. மெல்லிய ஸ்டீல் சிங்க்கிலேயே குழாய் உட்காரும் என்றால், பெட்டியில் வரும் முக்கோணத் தாங்கியை விட்டுவிடாதீர்கள். தலையை இழுக்கும்போதெல்லாம் தகடு நெளிந்து, சில மாதங்களில் குழாய் ஆட ஆரம்பித்துவிடும்.

இனி ஹோஸ். அதைக் கழுத்தின் வழியாக மேலிருந்து கீழே விட்டு, குழாயின் அடியிலிருந்து தொங்கும் குட்டைக் குழாயோடு சேர்க்க வேண்டும். 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால், பூட்டிய பிறகு ஒருமுறை கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். பாதி பூட்டியது தண்ணீர் அழுத்தம் வந்ததும் கழன்றுவிடும்.

ஆங்கிள் காக்குகளை இணைத்த பிறகு, தலையை மாட்டாமல் ஹோஸின் வாயை ஒரு வாளிக்குள் பிடித்துத் தண்ணீரை ஓடவிடுங்கள். ஹோஸின் மேல்முனையில் துணிக்கிளிப் ஒன்றைப் போட்டுக்கொள்வது என் வழக்கம். தலை இல்லாத ஹோஸ் கைதவறினால் கழுத்துக்குள் வழுக்கிக் கீழே போய்விடும். குண்டும் மாட்டியிருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். குண்டைக் கடைசியில் மாட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாத் திருகலிலும் டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டுமா?

சுவரில் திருகும் ஆங்கிள் காக்கின் முனைக்கு மட்டும். கனெக்ஷன் பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது அதுதான், திருகல் அல்ல. அங்கே டேப் சுற்றினால் நட்டு முழுதாக உட்காராமல், வாஷர் அழுந்தாமல், கசிவுதான் மிஞ்சும்.

குண்டை ஹோஸில் சரியாக எந்த இடத்தில் மாட்டுவது?

இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

சிங்க்குக்குக் கீழே ஹோஸ் எப்படித் தொங்குகிறது என்று பாருங்கள். மேடைத் துளை வழியாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் தண்டிலிருந்து ஒரு பக்கம் இறங்குகிறது. அடியில் வளைகிறது. மறுபக்கம் ஏறி, அந்தக் குட்டைக் குழாயில் போய் முடிகிறது. இறங்கும் பக்கம் நீங்கள் இழுத்தவுடன் நகரும். ஏறும் பக்கம், வளைவு அதை எட்டும்வரை அசையாமல் நிற்கும். ஆகவே குண்டு இறங்கும் பக்கத்தில், வளைவு தொடங்குவதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும்.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொன்னால் தெளிவாகும். புதுக் குழாய் மாட்டிய அன்றே, தலையை இழுத்துவிட்டால் கிட்டத்தட்ட திரும்பி வந்து, கடைசி ஒரு சாண் மட்டும் உள்ளே போகாமல் தொங்கியது. பொருத்தியவர் 'குண்டுக்கு எடை போதவில்லை, இன்னொன்று வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டேன். தண்டின் கீழ்முனையிலிருந்து தளப் பலகை வரை 65 சென்டிமீட்டர். 150 சென்டிமீட்டர் ஹோஸில் சுமார் 40 கழுத்துக்குள்ளும் தண்டுக்குள்ளும் போய்விட, மீதி 110 கீழே தொங்கியது. அதன் நிலையான முனை, தண்டின் முனையைவிட 20 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தது. இந்தக் கணக்குப்படி வளைவின் அடி 65 சென்டிமீட்டர் ஆழத்தில், பலகையைத் தொட்டிருக்க வேண்டும். ஆனால் வளைவு அகலமாக விரிந்து கொஞ்ச நீளத்தைத் தின்றுவிட்டதால், பலகைக்கு நாலு விரற்கடைக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நின்றது. இடம் போதுமானதுதான்.

குண்டு மட்டும் ஏறும் பக்கத்தில், வளைவின் அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே இறுகியிருந்தது. தலையை 20 சென்டிமீட்டர் இழுத்தால் வளைவு அதில் பாதி, அதாவது 10 சென்டிமீட்டர், உயரும். அதுவரை குண்டு அசையவே அசையாது. அதன் பிறகுதான் கிளம்பும். திரும்பும்போதும் அதே கதை தலைகீழாக: குண்டு தன் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்ததும் இழுப்பதை நிறுத்திவிடும், கடைசி 20 சென்டிமீட்டருக்கு இழுக்க ஆள் இல்லை. அவள் குறை சொன்ன ஒரு சாண் இதுதான்.

திருகாணியைத் தளர்த்தி, குண்டை அப்படியே வளைவைச் சுற்றி நகர்த்தி, இறங்கும் பக்கத்தில் வளைவின் அடியிலிருந்து ஒரு சாணுக்குள் வைத்து இறுக்கினேன். குண்டின் தலையிலிருந்து தண்டின் அடி வரை 45 சென்டிமீட்டர் இருந்தது. தலையையும் அவ்வளவு தூரம்தான் இழுக்க முடியும். அதற்கு மேல் குண்டு தண்டில் முட்டி நிற்கும். சிங்க்கின் எல்லா மூலைக்கும் அது எட்டியது. இரண்டாவது குண்டு வாங்கவில்லை.

இதிலிருந்து மற்ற அடையாளங்களையும் பிடித்துவிடலாம். தலை முழுதாகத் திரும்புகிறது, ஆனால் கொஞ்சம்தான் இழுக்க வருகிறது என்றால் குண்டு மிக உயரத்தில் இருக்கிறது. கடைசியில் கொஞ்சம் மட்டும் திரும்பவில்லை என்றால் ஒன்று குண்டு தப்பான பக்கத்தில் இருக்கிறது, அல்லது பலகையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. தரையில் உட்கார்ந்த குண்டு எதையும் இழுக்காது.

ஹோஸிலேயே ஒரு வெள்ளைக் குறி போட்டிருக்கிறது. அங்கேதானே மாட்ட வேண்டும்?

முதலில் அங்கேயே மாட்டிப் பாருங்கள். ஆனால் அந்தக் குறியைப் போட்டவர் உங்கள் அலமாரியைப் பார்த்தவர் அல்லர். குறியில் வைத்த குண்டு பலகையைத் தொட்டால், தொடாமல் தொங்கும்வரை மேலே ஏற்றுங்கள். சில விரற்கடை ஏற்றினால் அதே அளவு இழுப்பு குறையும். வேறு நஷ்டம் இல்லை.

சரியான இடத்தில்தான் இருக்கிறது. அப்படியும் சண்டித்தனம் செய்கிறதே?

ஒருவர் மேலே மெதுவாக இழுத்துவிட, நீங்கள் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். வழக்கமான குற்றவாளி ஆங்கிள் காக்கின் கைப்பிடி. குண்டு ஏறும்போதோ இறங்கும்போதோ அதில் மாட்டிக்கொள்கிறது. அடுத்தது ஆர்.ஓ. இயந்திரத்தின் மெல்லிய குழாய், சிங்க்கின் கழிவுநீர்க் குழாய், கனெக்ஷன் பைப்புகள். நகராத இவற்றை எல்லாம் சேர்த்துச் சுவர்ப்பக்கமாகப் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டிவிடுங்கள். நகரும் ஹோஸை மட்டும் எதோடும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். அப்படிக் கட்டி வைத்திருந்த ஒரு வீட்டையும் பார்த்திருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும் சோப்புப் பெட்டி, பழைய துணி மூட்டை முதலியவற்றுக்கும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

இன்னும் கனமான குண்டு போட்டால் வேகமாகத் திரும்பாதா?

திரும்பும். கூடவே தலை 'டொக்' என்று கழுத்தில் மோதும், இழுக்கக் கை வலிக்கும், ஹோஸின் இணைப்புகளில் சதா பாரம் தொங்கும். சிக்கல் எங்கே என்று பார்க்காமல் எடையைக் கூட்டினால், சிக்கும் இடத்தில் ஹோஸ் இன்னும் வேகமாகத் தேயும். பெட்டியில் வந்த குண்டு தொலைந்துபோய், கையில் கிடைத்த இரும்பைக் கம்பியால் கட்ட நினைக்கிறீர்கள் என்றால், அதுவும் வேண்டாம். கம்பி ஹோஸை அறுத்துவிடும். கவ்விப் பிடிக்கும் குண்டு தனியாகவே விற்கிறது.

எங்கள் சமையலறைக்குக் கீசர் லைன் இல்லை. சுடுதண்ணீர் பைப்பை என்ன செய்வது?

சும்மா தொங்கவிடக் கூடாது. கைப்பிடியை நடுவில் வைத்துத் திறக்கும்போது பச்சைத்தண்ணீர் அந்தப் பைப் வழியாகவும் இறங்கி, அலமாரிக்குள் கொட்டும். அதன் முனையை அரை அங்குல அடைப்பான் போட்டு மூடலாம். அப்படிச் செய்தால் கைப்பிடியைச் சுடுதண்ணீர்ப் பக்கம் திருப்பும்போது ஒன்றும் வராது. அதைவிட, ஒரு டீ இணைப்பு போட்டு இரண்டு பைப்புகளுக்கும் ஒரே லைனிலிருந்து தண்ணீர் கொடுத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் தண்ணீர் வரும், வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மாடி வீடு. தொட்டி நேர் மேலே இருக்கிறது. தண்ணீர் வேகமாக வருமா?

பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். உங்கள் தொட்டியின் தண்ணீர் மட்டம் குழாயைவிட மூன்று மீட்டர் உயரம் என்றால் 0.3 பார்தான் கிடைக்கும். சாதாரணக் குழாயில் அது தெரியாது. இதில் தண்ணீர் குறுகிய ஹோஸ் வழியாக ஏறி இறங்கி, தலைக்குள் இருக்கும் வால்வையும் சல்லடையையும் தாண்டி வர வேண்டும். ஆகவே ஷவர் நிலையில் சோம்பலாகத்தான் விழும். வாங்கும்போதே பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பாருங்கள். உங்களிடம் இருப்பதைவிட அது அதிகம் என்றால், பிரஷர் பம்ப் வைக்கும் எண்ணம் இல்லாதவரை அந்தக் குழாய் வேண்டாம். வாங்கியபோது நன்றாக வந்து நாளடைவில் குறைந்தது என்றால் விஷயம் வேறு: போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்திருக்கும். தலையில் இருக்கும் ரப்பர் முனைகளைக் கட்டைவிரலால் தேய்த்தாலே பெரும்பகுதி உதிரும்.

தலையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் நிற்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

இரண்டு பாத்திரத்துக்கு நடுவில் நிறுத்த அது சரி. வேலை முடிந்ததும் கைப்பிடியை மூடியே ஆக வேண்டும். கைப்பிடி திறந்தே இருந்தால் ஹோஸ் இரவெல்லாம் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்கும். கீசர் லைன் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் நடக்கும்: சூடும் குளிர்ச்சியும் குழாய்க்குள்ளேயே கலந்து, எந்த லைனில் அழுத்தம் குறைவோ அந்தப் பக்கம் போய்விடும். குளியலறையில் பச்சைத்தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறதே என்று யாராவது கேட்டால், முதலில் சமையலறைக் கைப்பிடியைப் பாருங்கள்.

தலையை இழுத்து, பாத்திரம் ஊறும் தண்ணீருக்குள்ளேயே போட்டு வைக்கலாமா?

வேண்டாம். லைனில் தண்ணீர் வற்றி உறிஞ்சும் நேரம் வந்தால், அந்த எச்சில் தண்ணீர் ஹோஸ் வழியாக உள்ளே போகக்கூடும். இதைத் தடுக்க ஒருவழி வால்வு வைத்திருப்பார்கள். ஆனால் அதில் ஒரு மணல் சிக்கினால்கூடப் போதும், அது மூடாது.

குண்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. குண்டு ஹோஸை அழுத்தி ஓட்டை போட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஹோஸின் தாழ்வான பகுதி அது; மேலே எங்கே கசிந்தாலும் தண்ணீர் ஹோஸின் மேலேயே வழிந்து, கடைசியில் குண்டில் வந்து சொட்டும். என் வீட்டிலும் இப்படிக் குண்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஒரு வாரம் போனது. தளப் பலகை உப்பியதுதான் மிச்சம். கசிந்தது மேலே, தலையும் ஹோஸும் சேரும் இடத்தில். அங்கே இருக்க வேண்டிய வாஷரை நானே தலையைக் கழுவும்போது தொலைத்திருந்தேன்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவையுங்கள். தலையை முழுதாக இழுத்துப் பிடித்துத் தண்ணீரைத் திறந்து, தலைக்கு அடியில் ஹோஸ் சேரும் இடத்தில் காகிதக் கைக்குட்டையைச் சுற்றுங்கள். நனைந்தால் வாஷரை மாற்றுங்கள். நனையாவிட்டால் கீழே வந்து, குட்டைக் குழாயின் பூட்டு, கனெக்ஷன் பைப் நட்டுகள், ஆங்கிள் காக் என்று மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக அதே சோதனை. எல்லாம் காய்ந்தே இருந்து, குண்டுக்கு அடியில் மட்டும் ஈரம் கண்டால், குண்டைக் கழற்றி அந்த இடத்தில் ஹோஸின் மேல்பின்னல் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் ஹோஸைத்தான் மாற்ற வேண்டும். மேலே டேப் ஒட்டுவதில் பயனில்லை.